பாரிஸில் குறி சொல்லத் தொடங்கிய சீட்டுக்கட்டு

1440ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி, ஜூஸ்தோ ஜூஸ்தி என்ற இத்தாலிய நோட்டரி தன் நாட்குறிப்பில் ஒரு செலவை எழுதி வைத்தார். ரிமினி நகரின் ஆட்சியாளர் சிகிஸ்மோந்தோ மலதெஸ்தாவுக்கு அவர் ஒரு சீட்டுக்கட்டைப் பரிசளித்திருந்தார். மலதெஸ்தாவின் குலச்சின்னம் பொறித்து ஃபிளாரன்ஸில் சொல்லிச் செய்த அழகான கட்டு. நாலரை டுகாட் பொற்காசு ஆயிற்று என்கிறது குறிப்பு. டாரட் சீட்டுகளைப் பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று இதுதான். அதில் ஜோதிடமோ மந்திரமோ ஒரு வார்த்தை இல்லை. பெரிய மனிதருக்குப் பிடித்த விளையாட்டுப் பொருளை வாங்கிக் கொடுத்த கணக்கு, அவ்வளவுதான்.

டாரட் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது கருப்புத் துணி விரித்த மேசையும், மெழுகுவர்த்தியும், 'எகிப்தியப் பூசாரிகளின் பழம்பெரும் ரகசியம்' என்ற விளம்பரமும்தான். ஆனால் பிறந்ததிலிருந்து ஏறக்குறைய 340 ஆண்டுகள் இது வெறும் சீட்டாட்டமாகவே இருந்தது. எகிப்துக் கதைக்கு வயது 250கூட ஆகவில்லை.

ஐரோப்பாவுக்குச் சீட்டு வந்ததே 1370களில்தான். எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் நாட்டிலிருந்து வந்த அந்தக் கட்டில் கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை என நான்கு இனங்கள் இருந்தன. போலோ ஆட்டத்தை அறியாத இத்தாலியர்கள் மட்டையை வெறும் கோலாக்கிவிட்டார்கள். ஆக, எகிப்தோடு ஓர் உறவு உண்டு. ஆனால் அது பாரோக்களின் எகிப்து இல்லை. வியாபாரக் கப்பல்கள் வந்து போன இஸ்லாமிய எகிப்து.

15ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், வட இத்தாலியில் யாரோ ஒருவருக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. நான்கு இனங்களுக்கும் மேலாக, எதையும் வெட்டக்கூடிய தனிப் படச்சீட்டுகளைச் சேர்த்தால் என்ன? நிலையான துருப்பு இப்படித்தான் வந்தது. பேரரசர், போப், காதல், அதிர்ஷ்டச் சக்கரம், மரணம், பிசாசு, நிலவு, சூரியன் என 21 துருப்புகள். இனத்துக்கு 14 வீதம் 56 சாதாரணச் சீட்டுகள். எந்தக் கணக்கிலும் சேராத ஒரு கோமாளி. மொத்தம் 78.

ஆட்டத்தை ஒரு சுற்றில் புரிந்துகொள்ளலாம். முதல் ஆள் கோப்பை ஏழை இறக்குகிறார். இரண்டாமவர் கோப்பை ராஜாவைப் போடுகிறார். ராஜாவுக்குப் புள்ளி அதிகம். மூன்றாமவரிடம் கோப்பையே இல்லை. இனம் இல்லாவிட்டால் துருப்பு போட்டே தீர வேண்டும் என்பது விதி. ஐந்தாம் துருப்பான போப்பைப் போட்டு வெட்டுகிறார். நான்காமவரிடமும் கோப்பை இல்லை. அவர் பன்னிரண்டாம் துருப்பை இறக்க, ராஜாவும் போப்பும் அவர் பக்கம் போய்விடுகிறார்கள். கையில் விலையுயர்ந்த சீட்டை வைத்துக்கொண்டு தவிப்பவர் கோமாளியைக் காட்டி அந்தச் சுற்றில் தப்பிக்கலாம். இருபத்தெட்டோ முந்நூற்று நாலோ ஆடியவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க அதிகமில்லை.

இப்படி ஆடுகிறவருக்கு வேண்டியது எந்தத் துருப்பு எதைவிடப் பெரியது என்பது மட்டும்தான். படத்தின் பொருளைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அதற்குச் சான்றும் இருக்கிறது. துருப்புகளின் வரிசை ஊருக்கு ஊர் மாறியது. சில ஊர்களில் உலகம் உச்சத்தில், சில ஊர்களில் தேவதை உச்சத்தில். சீட்டில் போப் இருப்பது மரியாதைக் குறைவு என்று கருதிய இடங்களில் அவரை எடுத்துவிட்டு ரோமானியக் கடவுள் ஜூபிடரைப் போட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் அச்சகங்கள் பழைய படங்களையே தூக்கிவிட்டு யானை, கரடி, மான் என்று மிருகங்களை அச்சிட்டன. ஆட்டம் சிறிதும் கெடவில்லை. மறைஞானம் அடங்கிய புனிதப் படங்களாக யாராவது இவற்றை நினைத்திருந்தால் இவ்வளவு சுலபமாக மாற்றியிருப்பார்களா?

திருப்பம் நேர்ந்த இடம் பாரிஸ். அதற்குக் காரணம், பாரிஸ்காரர்களுக்கு டாரட் தெரியாது என்பதே. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் கிழக்குப் பிரான்ஸிலும் அந்த ஆட்டம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தபோது, பாரிஸில் அது வழக்கொழிந்து போயிருந்தது. அங்கே வசித்த அந்த்வான் கூர் தெ ஜெபலின், புராட்டஸ்டண்ட் போதகர், பழைய மொழிகளிலும் புராணங்களிலும் ஊறியவர், ஃபிரீமேசன். வெளியூரிலிருந்து வந்த ஒரு சீமாட்டி இந்தச் சீட்டை ஆடிக்கொண்டிருப்பதை ஒருநாள் பார்த்தார். கால் மணி நேரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம். 'ஆதி உலகம்' என்ற தன் பெருநூலின் எட்டாம் தொகுதியில், 1781இல் அதை அறிவித்தார்: இது பழைய எகிப்தியரின் ஞான நூல், எரிந்துபோன நூலகங்களிலிருந்து தப்பிப் பிழைக்க ஆட்டமாக வேடம் போட்டிருக்கிறது. அதே தொகுதியில் இன்னொரு பிரபு எழுதிய கட்டுரை, இதை வைத்துக் குறி பார்க்கும் முறையையும் சொன்னது.

அவர் எப்படி யோசித்தார் என்பதற்குப் பன்னிரண்டாம் துருப்பு ஒன்றே போதும். ஒரு மனிதன் ஒற்றைக் காலில் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்குகிறான். சீட்டு அடித்தவர்கள் விவரம் தெரியாமல் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்றார் ஜெபலின். நேராக்கிப் பார்த்தால், ஒரு காலை ஊன்றி மறுகாலை எங்கே வைப்பது என்று யோசித்து நிற்கும் 'விவேகம்' என்ற நற்குணமாம். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியர் யாரைக் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார். கடனை ஏமாற்றியவர்களையும் ஊருக்குத் துரோகம் செய்தவர்களையும் பொதுச் சுவர்களில் தலைகீழாகத் தொங்குவது போல் வரைந்து அவமானப்படுத்துவது அன்றைய இத்தாலிய நகரங்களின் வழக்கம். பழைய பட்டியல்களில் அந்தச் சீட்டின் பெயரே 'துரோகி'.

'டாரட்' என்பது 'ராஜபாட்டை' என்று பொருள்படும் எகிப்தியச் சொல் என்றும் ஜெபலின் எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை. ஷாம்போலியோன் அதை உடைத்தது 1822இல். மறுக்க ஆளில்லாத 41 ஆண்டுகளில் கதை நன்றாக வேர்விட்டுவிட்டது.

இதற்கு முன்பே இத்தாலியில் டாரட்டை வைத்துக் குறி பார்த்திருக்கிறார்கள். போலோன்யா நகரில் சுமார் 1750ஐச் சேர்ந்த ஒரு கையெழுத்துத் தாள் கிடைத்திருக்கிறது. 35 சீட்டுகளுக்கு ஆளுக்கொரு பொருள் எழுதிய எளிய பட்டியல் அது. ஆனால் அந்தத் தாளால் உலகம் மாறவில்லை. ஜெபலினின் கதையால் மாறியது.

கதையைத் தொழிலாக்கியவர் ஜான்-பாப்டிஸ்ட் அலியெட். தன் பெயரைப் பின்னிருந்து எழுதி 'எட்டெய்லா' ஆனவர். சாதாரணச் சீட்டில் குறி சொல்வது பற்றி 1770இலேயே புத்தகம் போட்டிருந்தார். 1785இல் டாரட்டுக்கும் போட்டார். சீட்டு நேராக விழுந்தால் ஒரு பலன், தலைகீழாக விழுந்தால் வேறு பலன் என்ற முறையைப் பரப்பியது அவர்தான். 1789இல், குறி சொல்வதற்கென்றே வடிவமைத்த முதல் டாரட் கட்டை வெளியிட்டார். அதன் பிறகு எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சு எழுத்தாளர், 21 துருப்புகளையும் கோமாளியையும் ஹீப்ரு மொழியின் 22 எழுத்துகளோடு கோத்தார். எண்ணிக்கை பொருந்தியதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

ஆனாலும் இன்று கடையில் வாங்கும் டாரட், எட்டெய்லாவுடையதும் இல்லை, லெவியுடையதும் இல்லை. அது 1909 டிசம்பரில் லண்டனில் வெளிவந்தது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது. படங்கள் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியருடையவை. இருவரும் 'கோல்டன் டான்' என்ற ரகசிய மறைஞானச் சங்கத்தின் வழி வந்தவர்கள்.

ஸ்மித் செய்த புதுமை என்ன என்று பார்க்க, வாள் மூன்றை எடுத்துக்கொள்ளலாம். பழைய மார்சேய் கட்டில் அது வெறும் மூன்று வாள். நம் சீட்டில் கிளாவர் மூன்று எப்படியோ அப்படி. அதைப் பார்த்துக் குறி சொல்பவர் பலனை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். ஸ்மித்தின் சீட்டில் மழைமேகம். நடுவே ஒரு சிவப்பு இதயம். அதில் மூன்று வாள்கள் பாய்ந்திருக்கின்றன. பிரிவு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்படி இனத்துக்கு ஒன்று முதல் பத்து வரை நாற்பது எண் சீட்டுகளுக்கும் படம் வரைந்தார். ஆரம்பநிலைக்காரர்களும் குறி சொல்லப் பழக முடிந்தது இதனால்தான்.

அந்த இதயம் முழுக்க அவர் கற்பனையும் இல்லை. சுமார் 1490இல் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்ட 'சோலா புஸ்கா' என்ற இத்தாலியக் கட்டின் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்திருந்தன. அதன் வாள் மூன்றிலும் துளைக்கப்பட்ட இதயம் உண்டு. ஸ்மித் அதைப் பார்த்திருக்கிறார் என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் அதிகமில்லை. குறிசொல்லும் சீட்டின் மிகப் பிரபலமான துயரப் படம், ஆட்டச் சீட்டுகள் மட்டுமே இருந்த காலத்தின் படம்!

பெரிய வேலை ஒன்றை முடித்துவிட்டேன், கிடைத்த காசுதான் சொற்பம் என்று ஸ்மித் அந்த நவம்பரில் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1951இல் கார்ன்வாலில் கடனாளியாகவே இறந்தார். பதிப்பகமான ரைடரின் பெயரும் வெயிட்டின் பெயரும் கட்டில் ஒட்டிக்கொண்டன; அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அண்மையில்தான் பரவியிருக்கிறது.

டாரட்டின் உண்மை வரலாற்றைத் திரட்டித் தந்தவர், ஆக்ஸ்ஃபோர்டின் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட். 1980இல் வந்த அவருடைய தடித்த நூல் பெரும்பாலும் ஆட்ட விதிகளைப் பற்றியது. முதல் 340 ஆண்டுகளில் இந்தச் சீட்டை மந்திரத்தோடு சேர்த்துப் பார்த்த ஆதாரம் அநேகமாக இல்லை என்று காட்டியவர் அவர். இந்த வரலாற்றால் குறி பலிக்குமா பலிக்காதா என்று தீர்ப்பாகிவிடாது. ஆனால் எகிப்தின் பெயரைச் சொல்லி யாராவது கூடுதல் கட்டணம் கேட்டால், கொடுக்க அவசியமில்லை.

பழைய ஆட்டமும் சாகவில்லை. பிரான்ஸில் அதற்கு ஒரு தேசியக் கூட்டமைப்பு இருக்கிறது, போட்டிகள் நடக்கின்றன. ஆஸ்திரியாவில் 54 சீட்டுக் கட்டில் ஆடுகிறார்கள். இணையத்தில் கட்டு வாங்குபவர் இதை மட்டும் கவனிக்கட்டும்: வாளும் கோப்பையும் இல்லாமல் இஸ்பேட், ஆட்டின் அச்சிட்ட 78 சீட்டு டாரட் வந்து சேர்ந்தால் அது போலி இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் விளையாடுகிற கட்டு அது. குறி பார்க்க உதவாது. நாலு பேர் உட்கார்ந்து ஆடலாம்.