ஒரே அளவுப் பக்கம்: சிறார் படநூலொன்றைப் பி.டி.எப். கோப்பாக்கிய பணி

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை மின்தொடர்வண்டியில் செல்லும் ஒரு சிறுமியின் கதையை எம் துறை மாணவர் எழுத, வேறு சில மாணவர் அதற்குப் படங்கள் வரைந்தனர். குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர் என நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்துபோக, இறுதியில் உயிரியல் பூங்காவின் யானை காட்சி தரும். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931-ஆம் ஆண்டிலேயே மின்வண்டி ஓடத் தொடங்கியது. அவ்வண்டியை நாள்தோறும் பார்க்கும் அங்கன்வாடிச் சிறார்க்குத் தம் ஊரையே காட்டும் நூல் ஒன்று வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தது. படங்கள் பதினாறும் ஒரு கோப்புறையில் வந்து சேர்ந்தன. அவற்றைச் சேர்த்து ஒரு பி.டி.எப். ஆக்கினால் வேலை முடிந்தது என்றே நாமும் எண்ணினோம்.

கணினித் திரையில் நூல் அழகாகவே தோன்றியது. அச்சகத்தில் மாதிரிப்படி எடுத்தபோதுதான் குறை வெளிப்பட்டது. சில பக்கங்கள் சரியாக இருந்தன. இரண்டு பக்கங்களில் படத்தின் ஒரு மூலை மட்டுமே பெரிதாக வந்து, எஞ்சிய பகுதி தாளுக்கு வெளியே போய்விட்டது. பிழை அச்சகத்தாருடையதன்று, எம்முடையதே.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகக் காண்போம். படக்கோப்பு ஒன்றிற்குத் தனக்கென நீள அகலம் கிடையாது. அதில் இருப்பவை புள்ளிகள் மட்டுமே. ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகளை அடக்க வேண்டும் என்ற எண் கோப்பினுள் ஒரு குறிப்பாக இருக்கும். பி.டி.எப். பக்கத்திற்கோ திட்டமான அளவு உண்டு. அது அங்குலத்தின் 72-இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு குறிக்கப்படும். நாம் அளவு எதுவும் சொல்லாவிட்டால், மென்பொருள் புள்ளிகளின் எண்ணிக்கையை அக்குறிப்பால் வகுத்துப் பக்க அளவைத் தானே முடிவு செய்துகொள்ளும்.

எம் கோப்புறையில் பதின்மூன்று படங்கள் ஸ்கேனரில் எடுக்கப்பட்டவை. அவற்றுள் குறுக்குவாட்டில் அமைந்தவை 3508-க்கு 2480 புள்ளிகள், குறிப்பு 300. வகுத்தால் 297-க்கு 210 மில்லிமீட்டர், அதாவது படுக்கைவாட்டில் வைத்த ஏ4 தாள் கிடைக்கிறது. கைப்பேசியில் எடுத்த படங்கள் இரண்டு 4000-க்கு 3000 புள்ளிகள், குறிப்பு 72. இவற்றை வகுத்தால் பக்கத்தின் அகலம் 1411 மில்லிமீட்டர்! ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமுள்ள தாளை நாம் அச்சகத்திற்கு அனுப்பியிருந்தோம். திரையில் இது தெரியாமற் போனதேன்? படிப்பான் மென்பொருள் ஒவ்வொரு பக்கத்தையும் திரைக்கு ஏற்பச் சுருக்கிக் காட்டியது. முழு அளவில், அதாவது நூறு விழுக்காட்டில் வைத்துப் பக்கங்களைத் தொடர்ச்சியாக உருட்டிப் பார்த்திருந்தால் அன்றே கண்டிருப்போம்.

எனவே முதலில் பக்க அளவை நாமே வரையறுத்தோம். பெரும்பாலான படங்களின் வடிவத்தை ஒட்டி 297-க்கு 210 மில்லிமீட்டர் எனக் கொண்டு, நாற்புறமும் 10 மில்லிமீட்டர் வெள்ளை ஓரம் விட்டோம். அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற கணக்கில் பக்கம் 3508-க்கு 2480 புள்ளிகளும், உள்ளே படம் அமரும் சட்டம் 3272-க்கு 2244 புள்ளிகளும் ஆகின்றன. படங்களைச் சட்டத்தை நிரப்புமாறு இழுத்தல் கூடாது. அவ்வாறு இழுத்த ஒரு படத்தில் வண்டியின் சக்கரம் முட்டை வடிவாகியது. வட்டமான ஒன்றைத் தேடிப் பார்த்தால் இழுப்பு உடனே புலப்படும். சட்டத்திற்குள் அடங்கும் வரை சுருக்கி, மிஞ்சும் இடத்தை வெண்மையாக விடுவதே முறை. நெடுக்குவாட்டில் வரைந்த இரு படங்களின் பக்கங்களில் இவ்வாறு வெற்றிடம் மிகுந்தது. அது கண்ணுக்கு உறுத்தலாக இல்லை.

அடுத்தது வரிசை. கோப்புகளுக்கு 1, 2, 10 எனப் பெயரிட்டிருந்தமையால் கணினி 1-க்குப் பின் 10-ஐ வைத்து, யானையைப் பெருங்களத்தூருக்கு முன்பே கொண்டுவந்துவிட்டது. 01, 02 என ஈரிலக்கமாக மாற்றியதும் ஒழுங்காயிற்று. பின்னர் இமேஜ்மேஜிக் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு எல்லாப் படங்களையும் ஒரே அளவுப் பக்கத்தில் அமர்த்தி, img2pdf கொண்டு தொகுத்தோம்.

```
mkdir pages
for f in *.jpg; do
  magick "$f" -auto-orient -resize 3272x2244 \
    -gravity center -background white \
    -extent 3508x2480 -quality 92 "pages/$f"
done
img2pdf --pagesize 297mmx210mm -o rail.pdf pages/*.jpg
```

கைப்பேசிப் படம் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ வந்துவிடாமல் `-auto-orient` காக்கிறது. இமேஜ்மேஜிக்கின் பழைய பதிப்பாயின் `magick` என்பதற்கு மாற்றாக `convert` என எழுத வேண்டும். கதையின் வரிகளை மாணவர் தாளிலேயே கையால் எழுதியிருந்தனர், அது நன்மையாயிற்று. கட்டளை வழியே படத்தின்மேல் தமிழை எழுத முயன்றால், சில கணினிகளில் கொம்பு எழுத்திற்கு முன்னே வராமல் பின்னே போய் நிற்கும். அச்செழுத்து வேண்டுவோர் லிபர்ஆபிஸ் போன்ற ஒன்றில் இதே பக்க அளவை வைத்துத் தட்டச்சிடுவது நலம்.

எமக்கு மிகுந்த தலைவலி தந்தது ஏழாம், எட்டாம் படங்களே. ஒரே நெடிய வண்டி இரண்டு தாள்களிலும் தொடர்ந்து செல்கிறது. நூலின் முதற்பக்கம் எப்போதும் வலப்புறம் விழும். ஆகவே எதிரெதிராக அமைபவை 2-3, 4-5, 6-7, 8-9 ஆகிய பக்கங்கள். முதற்படமே முதற்பக்கமாக இருந்தபோது, வண்டியின் முற்பாதி ஏழாம் பக்கத்திலும் பிற்பாதி தாளின் மறுபுறத்திலும் போய்விட்டன. தலைப்புப் பக்கம் ஒன்றை அதே அளவில் வரைந்து 00 எனப் பெயரிட்டு முன்னே சேர்த்ததும், வண்டி 8-9-இல் முழுதாக விரிந்தது. நடுவில் ஓரங்களால் ஏற்படும் வெள்ளைப் பட்டை இரு பெட்டிகளுக்கிடையே விழுந்தது. அதனை அப்படியே விட்டுவிட்டோம். நடுவில் கம்பித்தையல் இடும் நூலின் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். பதினேழு இருந்தமையால், சிறார் தாமே வரைவதற்கென மூன்று வெண்பக்கங்களை இறுதியில் இணைத்து இருபதாக்கினோம்.

அச்சகத்திற்கு மீண்டும் அனுப்புமுன் ஒரு சோதனை செய்தோம்:

```
pdfinfo -f 1 -l 20 rail.pdf
```

இருபது வரிகளிலும் `841.89 x 595.276 pts` என்றே வருதல் வேண்டும். ஒரு வரி மாறினாலும் அப்பக்கத்தின் படம் கட்டளைக்குள் வராமல் தப்பியிருக்கிறது என்று பொருள். எமக்கு இருபதும் ஒன்றாகவே வந்தன.

ஆயினும் ஒரு குறையை இச்சோதனை காட்டித்தராது. சேலையூர் ஏரியின் படம் வாட்ஸ்அப் வழியாக வந்தது. அதில் 1280-க்கு 960 புள்ளிகளே இருந்தன. மென்பொருள் அதனையும் சட்டத்தளவுக்குப் பெருக்கிவிடும். பக்க அளவும் சரியாகவே இருக்கும். ஆனால் அங்குலத்திற்கு 128 புள்ளியளவே உண்மையான விவரம் இருப்பதால், கோடுகள் அச்சில் மங்கும். மூலத்தாளைக் கேட்டோம், அது மழையில் நனைந்து வண்ணம் கரைந்துவிட்டதாம். எனவே அந்த ஒரு படத்திற்கு மட்டும் `-resize 1536x1152` என மாற்றி, 130 மில்லிமீட்டர் அகலத்தில் பக்கத்தின் நடுவே சிறிதாக வைத்தோம். அச்சில் வந்தபோது கரையோரத்துக் கொக்கின் கால்கள் தெளிவாகத் தெரிந்தன.