சத்து மாத்திரை யாருக்கு வேண்டும்?

அசதி என்றாலே ஒரு அட்டை மல்டிவிட்டமின் வாங்கிப் போட்டுக்கொள்வது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நோய் எதுவும் இல்லாமல், மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு அதனால் ஏதாவது பலன் உண்டா? அமெரிக்காவில் 1997-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடியது.

ஐம்பது வயதைத் தொட்ட, அதைக் கடந்த ஆண் மருத்துவர்கள் 14,641 பேர் அதில் சேர்ந்தார்கள். பாதிப்பேருக்குத் தினமும் ஒரு மல்டிவிட்டமின். மீதிப்பேருக்குப் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. சுமார் 11 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. நினைவாற்றலிலும் இல்லை. புற்றுநோய் மட்டும் சற்றுக் குறைந்திருந்தது: ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 18 பேருக்கு வருவது 17 ஆனது. ஆனால் 2022-இல் முடிவு வெளியான, ஆண் பெண் இருபாலரும் 21,000-க்கு மேல் பங்கேற்ற இன்னொரு ஆய்வில் அந்தச் சிறு பலனும் தென்படவில்லை. அதே ஆய்வில் முதியவர்களின் நினைவாற்றல் சோதனைகளில் லேசான முன்னேற்றம் தெரிந்தது. அது அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு உதவும் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

காரணம் எளிது. உடலுக்குள் நடக்கும் ரசாயன வேலைகளுக்கு வைட்டமின்கள் துணை நிற்பவை. தேவையான அளவு கிடைத்த பிறகு, கூடுதலாக வருவதற்கு அங்கே வேலை இல்லை. பி, சி வகைகளின் மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். மற்ற சில உடலில் தங்கும். தங்குவது தீங்காகவும் மாறலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரிடம் நடந்த ஆய்வில், புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-இல் வந்த முடிவோ, அதைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் என்றது.

ஆகவே, எல்லாவற்றையும் கலந்து விழுங்குவதைவிட, எது குறைகிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் ஈடுகட்டுவதே சரி. நம் ஊரில் இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் பி12.

சைவம் மட்டும் சாப்பிடுகிற, பத்தாண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிற 58 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாதம் எரிகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. "சர்க்கரை இருந்தா அப்படித்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சியில்தான். இவர் சாப்பிடுவதில் பால், தயிர் மட்டுமே அதைத் தரும். அதைக் குடல் உறிஞ்சுவதையும் மெட்ஃபார்மின் குறைக்கிறது. ரத்தப் பரிசோதனையில் அளவு 200 பிக்கோகிராமுக்குக் கீழே வந்தால் பற்றாக்குறை என்றே பொருள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ரத்தசோகை இல்லாமலேயே நரம்பு கெடலாம்.

இவருக்கு மல்டிவிட்டமின் இரண்டு வகையில் பொருந்தாது. பல தயாரிப்புகளில் பி12 ஓரிரு மைக்ரோகிராம்தான் இருக்கும். ஏற்கெனவே வற்றிப்போன கையிருப்பை அது நிரப்பாது. கூடவே இருக்கும் ஃபோலிக் அமிலம் ரத்தசோகையைச் சரிசெய்துவிடும். ரத்த அணுக்கள் சீராகத் தெரிய, நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும்.

நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் மருத்துவர்கள் வழக்கமாக ஊசியில் தொடங்குவார்கள். பிறகு தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை போதுமானதாக இருக்கலாம். தேவை இரண்டு மைக்ரோகிராம் சொச்சம் என்னும்போது எதற்கு இவ்வளவு? குடலில் பி12-ஐப் பிடித்து உள்ளே அனுப்பும் வழி ஒரு வேளைக்கு ஏறத்தாழ இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் தாங்காது. அந்த வழி பழுதானாலும், பெரிய அளவில் கொடுத்தால் சுமார் ஒரு சதவீதம் தானாகவே கசிந்து உள்ளே போகும். ஆயிரத்தில் பத்து கிடைத்துவிடுகிறது. எரிச்சல் தணிய மாதங்கள் ஆகும். ஆண்டுக்கணக்கில் மரத்துக் கிடந்த விரல்களில் உணர்ச்சி முழுதாகத் திரும்பாமலும் போகலாம். அதனால்தான் நீண்டகாலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

பரிசோதனைக்குக்கூடக் காத்திராமல் எடுக்க வேண்டிய ஒன்றும் உண்டு. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, மருத்துவரைச் சந்திக்கும்போது அந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே மாத்திரையைத் தொடங்க வேண்டும். முந்தைய குழந்தைக்கு இந்தக் குறை இருந்திருந்தால் அளவு பத்து மடங்கு. அதை மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும்.