மெதுவான போனிலும் அதே ஓட்டம்

ஒரே கேமை இரண்டு போன்களில் போட்டுப் பாருங்கள். சில கேம்களில், புதுப் போனில் பாய்ந்து ஓடுகிற கதாபாத்திரம் நான்கு வருடப் பழைய போனில் ஊர்ந்து போகும். பழைய போனுக்கு வலு குறைவு, அதனால்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். படம் விட்டுவிட்டுத் தெரிவதற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் கதாபாத்திரத்தின் வேகமே குறைந்தால், அது கேமை எழுதியவர் விட்ட பிழை.

கேம் என்பது அடுத்தடுத்து வரையப்படும் படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். நல்ல போன் நொடிக்கு 60 பிரேம் வரையும். திணறுகிற போன் 20 வரையும். புதிதாக எழுதப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதிவிடுகிறார்கள்:

```
position.x += 5
```

ஒவ்வொரு பிரேமிலும் 5 பிக்சல் நகர் என்று இதற்கு அர்த்தம். 60 பிரேம் போனில் நொடிக்கு 300 பிக்சல், 20 பிரேம் போனில் 100 பிக்சல். 600 பிக்சல் அகலமுள்ள திரையைக் கடக்க முதல் போனில் 2 நொடி, அடுத்ததில் 6 நொடி. 120 பிரேம் வரைகிற விலை உயர்ந்த போனில் ஒரே நொடி. அங்கே விளையாடவே முடியாத வேகம்.

இதைத் தீர்ப்பதுதான் டெல்டா டைம். போன பிரேமுக்கும் இந்தப் பிரேமுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்று நொடிக்கணக்கில் சொல்லும் எண் அது. இலவசமாகக் கிடைக்கும் கோடாட் எஞ்சினில், `_process` என்ற பகுதிக்கு ஒவ்வொரு பிரேமிலும் அது `delta` என்ற பெயரில் வந்து சேர்கிறது. வேகத்தை நொடிக்கு இத்தனை பிக்சல் என்று வைத்துக்கொண்டு அதால் பெருக்கினால் போதும்:

```
position.x += 300 * delta
```

60 பிரேம் போனில் ஒரு பிரேமுக்கு 5 பிக்சல், 20 பிரேம் போனில் 15 பிக்சல். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகிற குழந்தை நிறைய எட்டு வைக்கிறது, அப்பா கொஞ்சம்தான் வைக்கிறார். இருவரும் ஒன்றாகவே போய்ச் சேர்கிறார்கள். இங்கே நடப்பதும் அதுதான்.

பல பாடங்கள் இத்தோடு முடிந்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிக்கல் தொடங்குவதே கதாபாத்திரம் தாவும்போதுதான்.

நொடிக்கு 600 பிக்சல் வேகத்தில் மேலே எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு அந்த வேகத்தை நொடிக்கு 1200 வீதம் குறைக்கிறது. இயற்பியல் கணக்குப்படி அது 150 பிக்சல் உயரம் போக வேண்டும். கேமில் வழக்கமாக ஒவ்வொரு பிரேமிலும் முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு அந்த வேகத்தில் நகர்த்துவார்கள். இரண்டிலும் `delta` சரியாகவே இருக்கும். இருந்தும் 60 பிரேம் போனில் உயரம் 145 பிக்சல், 20 பிரேம் போனில் 135 பிக்சல். 140 பிக்சல் உயரத்தில் ஒரு மேடை இருந்தால், பழைய போன்காரர் எத்தனை முறை தாவினாலும் அதில் ஏற முடியாது.

காரணம் இதுதான். 20 பிரேம் போனில் முதல் பிரேமிலேயே வேகம் 600-லிருந்து 540-க்கு இறங்குகிறது. உண்மையில் அது சிறுகச் சிறுகக் குறைய வேண்டும். கணக்கோ அந்தப் பிரேம் முழுவதையும் 540-லேயே ஓட்டிவிடுகிறது. பிரேம் நீளமானால் இழப்பும் கூடும். ஓடும்போது வேகம் மாறுவதில்லை, அதனால் அங்கே இந்தப் பிழை வராது.

தாவல், மோதல் போன்றவற்றை `_physics_process` பகுதியில் எழுதுவதே நல்ல வழி. திரையில் எத்தனை பிரேம் வந்தாலும் இந்தக் கணக்கு நொடிக்கு 60 முறை ஓடும். 20 பிரேம் போனில் ஒரு பிரேமுக்குள் மூன்று முறை ஓடி ஈடுகட்டிவிடும். எல்லாப் போனிலும் தாவல் அதே 145 பிக்சல்தான். இங்கே `move_and_slide()` பயன்படுத்துகிறவர்கள் வேகத்தை மறுபடி `delta`-வால் பெருக்கக் கூடாது, அது தானே பெருக்கிக்கொள்கிறது. பெருக்கிவிட்டால் கதாபாத்திரம் நகர்வதே கண்ணுக்குத் தெரியாது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கோடாட் ஒரு பிரேமுக்கு அதிகபட்சம் 8 முறைதான் இந்தக் கணக்கைப் போடும், இல்லையென்றால் ஈடுகட்டுகிற வேலையே போனை இன்னும் திணறடிக்கும். ஆகவே நொடிக்கு 7.5 பிரேமுக்கும் கீழே போனால் கேம் மெதுவாகத்தான் ஓடும்.

கேம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோதிக்கப் பழைய போன் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. `Engine.max_fps`-ஐ 20, 60, 120 என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு முறையும் திரையைக் கடக்கும் நேரத்தையும் தாவும் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். மூன்று தடவையும் அளவு ஒன்றாக வந்த பிறகு கேமை வெளியிடுங்கள்.