பீட்றூட் கறியும் மலையேற்றமும்

புசல்லாவை பஸாரிலும் நுவரெலியா ரோட்டு ஓரக் கடைகளிலும் லீக்ஸ், கரட்டோடு பீட்றூட்டும் எப்போதும் குவிந்து கிடக்கும். எமது லயன்களில் அதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "பீட்றூட் சாப்பிடு, இரத்தம் ஊறும்" என்பார்கள். நிறம் சிவப்பு, இரத்தமும் சிவப்பு, அதனால் வந்த நம்பிக்கை இது. ஆனால் பீட்றூட் இரத்தத்தை ஊற வைப்பதில்லை. அது செய்வது வேறு ஒரு வேலை. கூடை சுமந்து மலை ஏறும் எமக்கு அந்த வேலையும் பிரயோசனமானதுதான். அது என்னவென்று இம்முறை பார்ப்போம்.

உரத்தில் இருந்து கிழங்குக்கு

தேயிலைக்கு யூரியா உரம் போடுவது எமக்குத் தெரியும். மரக்கறித் தோட்டத்திலும் அதையே போடுகிறார்கள். மண்ணில் இருக்கும் கிருமிகள் அந்த உரத்தை நைத்திரேற்று என்ற பொருளாக மாற்றுகின்றன. மாட்டெரு போட்டாலும் இப்படித்தான் நடக்கிறது. செடி வேர் வழியாக இந்த நைத்திரேற்றை உறிஞ்சி வளர்கிறது. பல செடிகள் உறிஞ்சியதை உடனே செலவு செய்துவிடும். பீட்றூட் அப்படியல்ல. அது நிறைய நைத்திரேற்றைக் கிழங்கிலும் இலையிலும் சேர்த்து வைக்கும். தண்டுக்கீரை, பசளி, சலாது இலை போன்றவையும் இந்தச் சாதியைச் சேர்ந்தவை. ஆகவே இங்கே பீட்றூட் பற்றிச் சொல்வதில் அதிகம் கீரைக்கும் பொருந்தும். பீட்றூட்டின் சிவப்புச் சாயத்துக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை.

எச்சிலில் நடக்கும் வேலை

நாம் சாப்பிட்ட பீட்றூட்டில் உள்ள நைத்திரேற்று குடலில் இருந்து இரத்தத்தில் கலக்கிறது. அப்படியே இருந்தால் அதனால் பெரிய பிரயோசனம் இல்லை. பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். ஆனால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை எச்சில் சுரப்பிகள் இரத்தத்தில் இருந்து பிடித்து, திரும்பவும் வாய்க்குள் விடுகின்றன. வயிற்றுக்குள் போன சாமான் மறுபடி எச்சிலில் வருகிறது!

வாயில் நாக்கின் பின்பக்கத்தில் பலவகைக் கிருமிகள் குடியிருக்கின்றன. கிருமி என்றதும் பயப்பட வேண்டாம், இவை எமக்கு உதவி செய்பவை. எச்சிலில் வந்த நைத்திரேற்றை இவை நைத்திரைற்று என்ற இன்னொரு பொருளாக மாற்றுகின்றன. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தாலும் பொருள் வேறு. இந்த மாற்றத்தை எமது உடம்பு தானாகச் செய்வது மிகக் குறைவு. கிருமிகள்தான் செய்து தர வேண்டும். பிறகு அந்த எச்சிலை விழுங்குகிறோம், நைத்திரைற்று இரத்தத்தில் சேர்கிறது.

இது உண்மைதானா என்று 2008ஆம் ஆண்டு லண்டனில் ஒரு பரிசோதனை செய்தார்கள். சுகதேகிகள் சிலருக்கு அரை லீற்றர் பீட்றூட் சாறு குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டரை, மூன்று மணித்தியாலம் போனதும் அவர்களுடைய பிரஷரின் மேல் கணக்கு 10 புள்ளி அளவு குறைந்தது. பிறகு இன்னொரு முறை, சாறு குடித்தவர்களை மூன்று மணித்தியாலம் எச்சிலை விழுங்காமல் துப்பிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். அந்த முறை இரத்தத்தில் நைத்திரைற்று கூடவில்லை, பிரஷரும் குறையவில்லை. குடித்தது அதே சாறுதான். எச்சிலை விழுங்காததால் வேலை நின்றுவிட்டது.

இதில் இருந்து இரண்டு விசயம் விளங்குகிறது. ஒன்று, பீட்றூட் சாப்பிட்ட உடனே பலன் வராது, எச்சில் வழியாகச் சுற்றி வர இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கும். மற்றது, வாய்க் கிருமிகளைக் கொல்லும் மருந்துத் தண்ணியால் தினமும் வாய் கொப்பளித்தால் இந்த வேலை கெட்டுப்போகும். பல் டாக்டர் சில நாளைக்கு அதைக் கொடுத்தால் சொன்னபடி பாவியுங்கள். சொல்லாமல் மாதக்கணக்கில் பாவிக்க வேண்டாம்.

குழாய் அகலமாவது எப்படி?

இரத்தத்தில் சேர்ந்த நைத்திரைற்று எங்கும் ஒரே மாதிரி மாறுவதில்லை. உடம்பில் எங்கே ஒட்சிசன் குறைகிறதோ, அங்கேதான் அது அதிகமாக நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவாக மாறும். மலை ஏறும்போது எங்கே ஒட்சிசன் குறையும்? தொடையிலும் கெண்டைக்காலிலும்தான். உதவி தேவையான இடத்திலேயே உதவி கிடைக்கிறது.

எமது இரத்தக் குழாய்களின் சுவரில் மெல்லிய தசை ஒன்று வளையம்போலச் சுற்றியிருக்கிறது. அது இறுகினால் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் அகலமாகும். நைத்திரிக் ஒட்சைட்டு இந்தத் தசையைத் தளரச் செய்கிறது. பீலியில் இருந்து லயத்துக்குத் தண்ணி கொண்டுவரும் றப்பர் குழாயை யோசித்துப் பாருங்கள். ஒடுங்கிய குழாயில் தண்ணி கஷ்டப்பட்டு வரும். கொஞ்சம் அகலமான குழாய் போட்டால் அதே பீலித் தண்ணி தாராளமாக வரும். இரத்தமும் அப்படித்தான். குழாய் அகலமானதும் இதயம் தள்ள வேண்டிய பாரம் குறைகிறது, பிரஷர் இறங்குகிறது, காலுக்கு இரத்தம் நன்றாகப் போகிறது.

எமது உடம்பு இந்த வாயுவை இரத்தக் குழாய்ச் சுவரில் தானாகவும் உண்டாக்குகிறது. அதைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998ஆம் ஆண்டு நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. பீட்றூட் வழி என்பது அதற்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது வழி.

மூச்சு வாங்குவது குறையுமா?

2009ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எக்ஸிற்றர் பல்கலைக்கழகத்தில் எட்டு ஆண்களுக்கு ஆறு நாட்கள், நாளுக்கு அரை லீற்றர் பீட்றூட் சாறு கொடுத்து, சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அளவான வேகத்தில் மிதிக்கும்போது அவர்களுக்கு முன்பைவிடக் குறைந்த ஒட்சிசனே போதுமாக இருந்தது. கடுமையாக மிதித்தபோது களைத்து நிற்கும்வரை 675 வினாடி தாக்குப்பிடித்தார்கள். வேறு பழச்சாறு குடித்தபோது 583 வினாடிதான். ஒன்றரை நிமிடம் வித்தியாசம். அதே வேலையைத் தசை கொஞ்சம் சிக்கனமாகச் செய்திருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது எட்டு இளம் ஆண்களை வைத்துச் செய்தது. கூடை சுமந்து சரிவில் ஏறும் கொழுந்துப் பெண்களை வைத்துச் செய்ததல்ல. நன்றாகப் பழகிய ஓட்டக்காரர்களுக்குப் பலன் குறைவாகவே தெரிகிறது என்பதும் பின்னால் செய்த ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆகவே "பீட்றூட் சாப்பிட்டால் இரண்டு கிலோ கூடப் பறிக்கலாம்" என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். மூச்சு வாங்குவது சற்றுக் குறையலாம், அவ்வளவுதான்.

எவ்வளவு, எப்போது, எப்படிச் சமைப்பது?

நாலு பேர் உள்ள வீட்டில் அரைக் கிலோ பீட்றூட் கறி வைத்தால் ஒருவருக்கு 125 கிராம் வரும். பரிசோதனைகளில் கொடுத்த அளவோடு பார்த்தால் இது பாதி அல்லது அதற்கும் குறைவு. மண்ணையும் உரத்தையும் பொறுத்துக் கிழங்குக்குக் கிழங்கு வித்தியாசமும் உண்டு. ஆகவே ஒரு நாள் கறியில் அதிசயம் நடக்காது. வாரத்தில் பல நாள், ஒரு நாள் பீட்றூட், மறுநாள் கீரை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதே நல்லது.

நைத்திரேற்று தண்ணியில் கரையும். பீட்றூட்டை நிறையத் தண்ணியில் அவித்து, அந்தச் சிவப்புத் தண்ணியைக் கொட்டிவிட்டால் நல்ல பகுதி அதோடு போய்விடும். கொஞ்சத் தண்ணி விட்டு, மூடி வைத்து, அந்தத் தண்ணி கறியிலேயே வற்றும்படி சமையுங்கள். பீட்றூட் இலையை எறியாமல், தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டல் செய்யுங்கள். இலைக்கு யாரும் தனியாகக் காசு கேட்பதில்லை!

காலை ஆறு மணிக்கு ரொட்டியோடு பீட்றூட் கறி சாப்பிட்டுப் பெரட்டுக்குப் போனால், ஒன்பது மணியளவில் அதன் வேலை நன்றாக இருக்கும். இரவில் மட்டும் சாப்பிட்டால் அந்த வேலையில் அதிகம் தூக்கத்திலேயே கழிந்துவிடும்.

இரத்தக் குறைவுக்கு இது மருந்தல்ல

இதுதான் முக்கியமான விசயம். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பதற்கு இரும்புச்சத்து வேண்டும். 100 கிராம் பீட்றூட்டில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. இரத்தக் குறைவு உள்ள ஒரு தாய் பீட்றூட்டையே நம்பி இருந்தால், குழாய் அகலமாகும், ஆனால் பீலியில் தண்ணி இருக்காது. கண் இமையின் உட்பக்கம் வெளிறிப்போவது, சின்ன ஏற்றத்திலேயே நெஞ்சு படபடப்பது, தலை சுற்றுவது, எப்போதும் சோர்வாக இருப்பது ஆகியவை இரத்தக் குறைவின் அடையாளங்கள். இப்படி இருந்தால் கிளினிக்கில் இரத்தம் பரிசோதித்துப் பாருங்கள். கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்காமல் தண்ணியோடு எடுங்கள். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பிரஷர் உள்ளவர்களுக்குப் பீட்றூட் நல்லதுதான். 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், நாளுக்கு ஒரு கிளாஸ் சாறு நாலு கிழமை குடித்த பிரஷர் நோயாளிகளுக்கு மேல் கணக்கு 8 புள்ளி அளவு இறங்கியது. குடிப்பதை விட்டதும் இரண்டு கிழமைக்குள் பழையபடி ஏறிவிட்டது. ஆகவே பீட்றூட்டை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரையும் எடுத்து நிறையச் சாறும் குடிப்பவர்கள் எழும்பும்போது தலை சுற்றினால் பிரஷரைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் மாத்திரையும் இதே வாயுவைக் கொண்டுதான் வேலை செய்கிறது. அதைப் பாவிப்பவர்களும், சிறுநீரக நோயோ கல்லோ உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் சாறு குடிக்க வேண்டாம். ஏற்றத்தில் நெஞ்சு இறுகி வலித்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கைக்குழந்தைகளுக்குப் பீட்றூட் கொடுக்கக் கூடாது. சமைத்த பீட்றூட்டை வெளியில் நெடுநேரம் வைத்தால் அதிலேயே கிருமிகள் நைத்திரைற்றை உண்டாக்கிவிடும். பெரியவர்கள் தாங்கினாலும், அது சின்னப் பிள்ளையின் இரத்தம் ஒட்சிசன் சுமப்பதைக் கெடுக்கும், உதடும் நகமும் நீலமாகும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் கொடுப்பதானால் அன்றன்று சமைத்ததைக் கொஞ்சமாகக் கொடுங்கள், காலைக் கறியைப் பின்னேரம்வரை வைத்து ஊட்டாதீர்கள்.

பீட்றூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீரும் மலமும் சிவப்பாகப் போகும். அது சாயம், பயமில்லை. ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். பீட்றூட் சாப்பிடாமலே சிவப்பாகப் போனாலோ, விட்ட பிறகும் நிற்காமல் இருந்தாலோ அது இரத்தமாக இருக்கலாம். தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.