ஓர் உதவி வேண்டுகோளைத் திருத்தி எழுதிய கதை

இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் அலுவலக அறையைப் பூட்டப் போன நேரத்தில் ஒருவர் வந்து நின்றார். ஊரில் தையற்கடை வைத்திருப்பவர். ஜமாஅத்தார் சார்பில் விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பது என் வழக்கம் என்பதால், அதற்காகத்தான் வந்திருக்கிறார் என எண்ணினேன். அவரோ கைப்பேசியை என் முன் நீட்டினார். அதில் அவருடைய எட்டு வயது மகளின் படம். கையில் ஊசி ஏற்றப்பட்ட நிலையில் குழந்தை அழுதுகொண்டிருந்தாள். படத்தின் கீழே இப்படி எழுதப்பட்டிருந்தது:

“என் தங்க மகளுக்கு இன்னும் மூன்றே நாள்தான்! 25 இலட்சம் ரூபாய் கட்டாவிட்டால் அவளுடைய ஜனாஸாவைத்தான் பார்ப்பீர்கள்! இதைப் பகிராமல் கடந்து செல்லும் கல்நெஞ்சக்காரர்கள் மறுமையில் பதில் சொல்லியாக வேண்டும்!”

அதற்கும் கீழே ஒரு தொலைபேசி எண்ணும், பணம் அனுப்புவதற்கான க்யூ.ஆர். கோடும் இருந்தன. மருத்துவமனையின் பெயர் இல்லை. நோயின் பெயரும் இல்லை.

“நான் எழுதலே காக்கா. மச்சான் மகன் எழுதிக் கொடுத்தான். இப்படி எழுதினால்தான் பணம் வரும்னு சொன்னான்” என்றார். பதினொரு நாட்களில் வந்து சேர்ந்தது 14,000 ரூபாய். அதைவிட அதிகமாக வந்தவை, “இது உண்மையா, மோசடியா?” என்று கேட்ட தொலைபேசி அழைப்புகள். மூன்று நாள் கெடு முடிந்து எட்டு நாட்களாகியும் வேண்டுகோள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்ததே, ஐயப்படுவதற்குப் போதுமான காரணமாக இருந்தது.

“மூன்று நாள் என்று மருத்துவர் சொன்னாரா?” என்று கேட்டேன். அவர் தலைகுனிந்தார். இல்லை என்று பொருள்.

குழந்தைக்கு இருப்பது தலசீமியா மேஜர். உடல் தானாகப் போதிய ஹீமோகுளோபினை உண்டாக்கிக்கொள்ள இயலாத பிறவி நோய். மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு இரும்புச்சத்தும் உடலில் சேர்ந்து, ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். அதை வெளியேற்ற நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளவேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்து, அது வெற்றி பெற்றால் இரத்தம் ஏற்றும் தேவையே இல்லாமற் போகும். உடன்பிறந்தவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. இந்தக் குழந்தைக்கு அண்ணனின் மஜ்ஜை பொருந்தியிருந்தது.

ஆக, இது நாள் குறித்துத் திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சை. நாளை மறுநாள் கட்டாவிட்டால் உயிர் போய்விடும் என்பது பொய். ஆனால் அவசரம் எதுவுமே இல்லை என்பதும் சரியன்று. வயது ஏற ஏற, ஈரலில் இரும்பு படியப் படிய, சிகிச்சையின் ஆபத்து கூடும். “இந்த ஆண்டிற்குள் செய்துவிடுவது நல்லது” என்றே மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த உண்மையே போதுமானதாக இருக்க, அதை மறைத்துவிட்டு ஒரு பொய்யை முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

25 இலட்சம் எங்கிருந்து வந்தது?

மருத்துவமனை தந்த செலவு மதிப்பீட்டுக் கடிதத்தை மறுநாள் கொண்டுவரச் செய்தேன். அதில் கண்ட தொகை 11 இலட்சம்; தொற்றோ வேறு சிக்கலோ நேர்ந்தால் மேலும் 2 இலட்சம் ஆகலாம் என்ற குறிப்பும் இருந்தது. மீதியெல்லாம், “கூடுதலாகக் கேட்டால்தான் பாதியாவது வரும்” என்ற கணக்கில் சேர்க்கப்பட்டது.

கடிதத்தில் இல்லாத செலவும் ஒன்று உண்டு. அதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. மஜ்ஜை மாற்றியபின் ஏறக்குறைய நூறு நாட்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே, தூய்மையான தனி வீட்டில் தங்கவேண்டியிருக்கும். நான்கு மாத வாடகைக்கும் சாப்பாட்டிற்கும் மாதம் 20,000 வீதம் 80,000 என்றும், பிந்திய மருந்துக்கும் பரிசோதனைக்கும் 1,20,000 என்றும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டு எழுதிக்கொண்டோம். மொத்தம் 15 இலட்சம்.

அந்தச் சமூகப் பணியாளர்தாம் இன்னொன்றையும் சொன்னார். தலசீமியா பால் சேவா யோஜனா என்றொரு திட்டம் 2017 முதல் இருக்கிறது. கோல் இந்தியா நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து, பொருந்தும் கொடையாளி கிடைத்த ஏழைக் குழந்தைகளுக்கு இச்சிகிச்சைக்கென 10 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வயது வரம்பும் வருமான வரம்பும் உண்டு. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளின் வழியாகவே விண்ணப்பிக்கவேண்டும். நாங்கள் விண்ணப்பித்தோம். ஒப்புதல் வரும்வரை வேண்டுகோள் எதையும் வெளியிடுவதில்லை என முடிவு செய்தோம். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. தந்தைக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை நான் அறிவேன். “ஊரார் மறந்துவிடுவார்கள் காக்கா” என்று பலமுறை சொன்னார்.

ஒப்புதல் வந்தபின் கணக்கு இப்படி அமைந்தது. திட்டத்தின் 10 இலட்சம். வளையலை விற்றதும் சேமிப்புமாகக் குடும்பத்தின் 1,46,000. பழைய வேண்டுகோளால் வந்த 14,000. ஜமாஅத் தந்த 40,000. ஆகக் கையில் 12 இலட்சம். வெளியாரிடம் கேட்கவேண்டியது 3 இலட்சம் மட்டுமே. 25 இலட்சம் என்று கேட்டவருக்கு உண்மையில் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

படம் வேண்டாம் என்றது ஏன்?

தந்தை இதற்கு எளிதில் இணங்கவில்லை. முகம் இல்லாவிட்டால் யார் இரங்குவார்கள் என்று கேட்டார். குழந்தையின் தாய் வேறுவிதமாகச் சிந்தித்திருந்தார். தலசீமியா மேஜர் உள்ள குழந்தையின் பெற்றோர் இருவரும் அந்நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள். உடன்பிறந்தவர்களும் சுமந்திருக்கலாம். குடும்பப் படத்தோடு நோயின் பெயர் ஊரெங்கும் போனால், நாளை மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேச வருபவர்கள் அந்தப் படத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மணமகன், மணமகள் இருவருக்கும் திருமணத்திற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால் தெளிவாகிவிடும் விஷயம் இது. ஆயினும் ஊர் வாய் பரிசோதனையறிக்கை கேட்பதில்லை. இன்னொன்று: கைப்பேசியில் பரவிய படத்தைத் திரும்பப் பெற வழியே இல்லை. எட்டு வயதில் அழுத முகம் இருபது வயதிலும் அவளைத் தொடரும். அதே படத்தின் கீழே வேறொருவர் தம் க்யூ.ஆர். கோடை ஒட்டிப் பணம் பறிப்பதும் நடக்கிறது.

முகத்தை நீக்கிவிட்டால் அந்த இடத்தில் நம்பிக்கை தரும் வேறொன்று வேண்டும். விசாரித்துப் பார்க்கும் வழியை அங்கே வைத்தோம். திருத்திய வேண்டுகோளை, பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு, இங்கே தருகிறேன்:

“எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த தையற்தொழிலாளி ஒருவரின் எட்டு வயது மகளுக்குத் தலசீமியா மேஜர் என்ற இரத்த நோய் உள்ளது. அண்ணனின் மஜ்ஜை பொருந்தியிருப்பதால், (மருத்துவமனையின் பெயர்) மருத்துவமனையில் இந்த ஆண்டிற்குள் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்ய மருத்துவர்கள் பரிந்துரைத்துள்ளனர். குணமாகும் வாய்ப்பு நன்றாக உள்ளது என்கிறார்கள்; உறுதி தரவில்லை. மொத்தச் செலவு 15 இலட்சம். 12 இலட்சம் கிடைத்துவிட்டது, விவரம் பின்பக்கம். தேவை 3 இலட்சம். இதில் 1 இலட்சம் மருத்துவமனைக்கு. நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனைக் கணக்கிலேயே நேரடியாகக் கட்டலாம். 2 இலட்சம் தங்குவதற்கும் மருந்துக்கும்; தந்தையும் ஜமாஅத் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டாலன்றி எடுக்க முடியாத கூட்டுக் கணக்கில் அனுப்புக. மருத்துவமனைக் கடிதத்தின் அசல் பள்ளிவாசல் அலுவலகத்தில் உள்ளது. அஸருக்குப் பின் பார்க்கலாம். தொகை சேர்ந்ததும், அல்லது இம்மாதம் 30ஆம் தேதியன்று, இவ்வேண்டுகோள் முடிவடையும். சிகிச்சை நடைபெறாவிட்டாலோ, தொகை மிஞ்சினாலோ, அனுப்பியவரைக் கேட்டு அவர் சொன்னபடி செய்யப்படும்.”

சில விளக்கங்கள் சொல்லவேண்டும். மருத்துவமனைக் கடிதத்தின் நகலைக் கைப்பேசியில் சுற்றவிடாமல் அலுவலகத்தில் வைத்ததற்குக் காரணம், அதில் குழந்தையின் பெயரும் முகவரியும் இருப்பதே. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படங்களையும் அவ்வாறே யாருக்கும் அனுப்பவில்லை. வெளியூரிலிருந்து கேட்பவர்களுக்கு, வேண்டுகோளில் உள்ள எண்ணை நம்பாமல், மருத்துவமனையின் பொது எண்ணைத் தாங்களே தேடி அழைக்கும்படி சொன்னோம். சமூகப் பணிப் பிரிவில் நோயாளி எண்ணைச் சொன்னால், அப்படியொரு கணக்கு இருக்கிறது, பணம் கட்டலாம் என்ற அளவில் உறுதி செய்ய, தந்தை எழுத்தில் ஒப்புதல் கொடுத்திருந்தார். நோய் விவரத்தை அந்நியருக்கு அவர்கள் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. கடிதத்தில் கையொப்பமிட்ட மருத்துவரின் பதிவு எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். பதிவு எண்ணோ, தேதியோ, நோயாளி எண்ணோ இல்லாத கடிதத்தைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவது நல்லது. கைப்பேசியில் பணம் அனுப்புகையில் தொகையைச் செலுத்துமுன் திரையில் தோன்றும் பெயர், வேண்டுகோளில் உள்ள பெயர்தானா என்று பார்ப்பதும் அவசியம்.

ஜகாத் பற்றிப் பலர் கேட்டார்கள். கடன், நகை, வீடு ஆகியவற்றின் விவரங்களைக் கேட்டறிந்த பிறகு, குடும்பம் ஜகாத் பெறத் தகுதியுடையது என எங்கள் இமாம் கூறினார். ஆயினும் ஜகாத்தையும் ஸதகாவையும் தனித்தனி ஏட்டில் எழுதினோம். தொகை மிஞ்சினால் ஸதகாவைப் பிற நோயாளிக்கு மாற்றுவது எளிது; ஜகாத்தைத் தகுதி பார்த்தே மாற்றவேண்டும். அனுப்புபவர் “ஜகாத்” என்று குறிப்பிடாவிட்டால் நமக்கு அது தெரிய வழியில்லை என்பதால், ஒவ்வொருவரையும் கேட்டு எழுதவேண்டியதாயிற்று. இந்த வேலை அலுப்பூட்டியது என்பதை மறைப்பதற்கில்லை.

“மறுமையில் பதில் சொல்லவேண்டும்” என்ற வரியை நீக்கியபோது மச்சான் மகனுக்கு வருத்தம். அது உண்மைதானே என்றான். கொடுக்க இயலாதவரும் அந்த வரியைப் படிப்பார் என்றேன். மாதக் கடைசியில் பால் கணக்குத் தீர்க்கத் திணறும் ஒரு விதவைத் தாயும் அதே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். அவரை ஏன் குற்றவாளியாக்கவேண்டும்? அவன் மறுமொழி சொல்லவில்லை. பின்னர், பின்பக்கத்துக் கணக்கை அழகாகத் தட்டச்சு செய்து கொடுத்தவன் அவன்தான்.

பத்தொன்பதாம் நாள் தொகை நிறைந்தது. மறுநாளும் வந்துகொண்டிருந்ததால், குழுக்களில் “போதும், இனி அனுப்பவேண்டாம்” என்று எழுதினோம். அப்படியும் 12,400 மிகுதியாயிற்று. அதை அனுப்பிய ஏழு பேரையும் அழைத்துக் கேட்டோம். இருவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஐவர், அதே மருத்துவமனையில் இருந்த வேறொரு குழந்தையின் கணக்கில் கட்டச் சொன்னார்கள். இரசீதுகள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் இருந்தன. குழந்தையின் பெயர் எங்கும் இல்லை. நோயாளி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தன.

சிகிச்சை நடந்தது. நூறு நாட்களுக்குப் பின் அவர்கள் ஊர் திரும்பினார்கள். மருந்து இன்னும் நிற்கவில்லை; மாதந்தோறும் பரிசோதனைக்குச் செல்கிறார்கள். பழைய படம் மட்டும் எங்கோ இன்னும் சுற்றுகிறது. சென்ற வாரம் மலேசியாவிலிருந்து ஒரு சகோதரர் அழைத்து, அந்த மூன்று நாள் குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.