தள்ளிவிட்ட அறிவிப்பு எங்கே போகிறது?

பக்கத்து வீட்டு அக்கா காலையில் சமையலுக்கு நடுவே போனை எடுத்திருக்கிறார். திரையில் பத்துப் பதினைந்து அறிவிப்புகள். விளம்பரம்தானே என்று "Clear all" பொத்தானைத் தட்டிவிட்டார். தட்டிய நொடியில்தான் ஒன்று கண்ணில் பட்டது: "உங்கள் பார்சல் கடையில் ஒப்படைக்கப்பட்டது" என்று தொடங்கிய கூரியர் அறிவிப்பு. எந்தக் கடை என்று படிப்பதற்குள் மறைந்துவிட்டது. செயலியைத் திறந்து பார்த்தால் "டெலிவரி முடிந்தது" என்பதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை.

தள்ளிய அறிவிப்பைத் திரும்பக் கொண்டுவர ஆண்ட்ராய்டில் "Undo" பொத்தான் கிடையாது. ஆனால் அதில் இருந்த எழுத்துகளைப் படிக்க வழி இருக்கிறது. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் "Notification history" என்ற வசதி உண்டு. "Settings" போய் "Notifications" பகுதியைத் திறந்தால் அதற்குள் இருக்கும். சாம்சங் போன்களில் அதே பகுதியில் "Advanced settings" என்பதற்குள் தேட வேண்டும். வேறு நிறுவனங்களின் போன்களில் இடம் மாறலாம். அப்போது "Settings" மேலே உள்ள தேடல் பெட்டியில் "notification history" என்று தட்டிப் பார்ப்பதே சுலபம்.

உள்ளே போனதும் முதலில் தெரிவது ஒரு சுவிட்ச். பெரும்பாலான போன்களில் அது அணைந்தே இருக்கும். சுவிட்சைப் போட்ட பிறகு வரும் அறிவிப்புகளைத்தான் போன் குறித்து வைக்கும். அதற்கு முன்னால் தள்ளியவற்றை எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஒன்றைத் தொலைத்த பிறகு இந்தச் சுவிட்சைப் போட்டால் அன்றைக்குப் பயனில்லை, அடுத்த முறைக்குத்தான் உதவும். அக்காவுக்குக் கைகொடுத்தது, அவர் மகன் முன்பே அதைப் போட்டு வைத்திருந்ததுதான்.

பக்கத்தின் மேல்பகுதியில் "Recently dismissed" என்ற தலைப்பில் கடைசியாகத் தள்ளிய சில அறிவிப்புகள் இருக்கும். அதற்குக் கீழே "Last 24 hours". இங்கே அறிவிப்புகள் செயலிவாரியாக அடுக்கப்பட்டிருக்கும்; செயலியின் பெயரைத் தட்டினால் அது அனுப்பியவை நேரத்தோடு விரியும். நாங்கள் கூரியர் செயலியின் பெயரைத் தட்டினோம். காலை எட்டரை மணிக் குறிப்பில் தெருமுனை மருந்துக்கடையின் பெயர் இருந்தது.

தலைப்பே சொல்வதுபோல் கெடு ஒரு நாள்தான். நேற்று இதே நேரத்துக்கு முன் வந்தது பட்டியலில் இருக்காது. எனவே தேட வேண்டும் என்று தோன்றினால் அன்றே தேடிவிடுவது நல்லது. இடையில் செயலியையே நீக்கிவிட்டால் அதன் குறிப்புகளும் போய்விடும்.

இன்னொரு வரம்பும் முக்கியமானது. அறிவிப்பில் தெரிந்த எழுத்துதான் இங்கே பதிவாகிறது. அனுப்பிய செயலி "3 புதிய செய்திகள்" என்று மட்டும் காட்டியிருந்தால் வரலாற்றிலும் அவ்வளவுதான் இருக்கும். வாட்ஸப் உரையாடல் திறந்திருக்கும்போது வந்த செய்திக்கு அறிவிப்பே எழாது. எழாததற்குப் பதிவும் இல்லை. செயலியின் அறிவிப்புகளை நீங்களே முன்பு தடுத்து வைத்திருந்தாலும் அப்படித்தான். அனுப்பியவர் பிறகு அழித்த செய்தி, அறிவிப்பாக வந்திருந்தால் சில சமயம் இங்கே கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் படமோ குரல் பதிவோ அப்படிக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

எஸ்எம்எஸ், மின்னஞ்சல் போன்றவற்றுக்கு இந்தப் பக்கமே தேவையில்லை. அறிவிப்பைத் தள்ளினாலும் செய்தி அந்தந்தப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. கூரியர், உணவு டெலிவரி, அடுக்குமாடி வாயில் அனுமதி போல, சொன்னதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாத செயலிகளுக்குத்தான் இது உண்மையில் உதவுகிறது. நள்ளிரவில் சத்தம் போட்டுவிட்டு மறைந்த அறிவிப்பு எந்தச் செயலியின் வேலை என்று கண்டுபிடிக்கவும் இதைவிட நேர்வழி இல்லை.

பிளே ஸ்டோரில் இதே வேலைக்கு எத்தனையோ செயலிகள் கிடைக்கும். அவை பல நாள் பதிவை வைத்திருப்பதாகச் சொல்லி, எல்லா அறிவிப்புகளையும் படிக்கும் அனுமதியைக் கேட்கும். அந்த அனுமதியைக் கொடுத்தால் வங்கி அறிவிப்பும் தனிப்பட்ட பேச்சும் அவர்கள் கண்ணில் படும். போனிலேயே வசதி இருக்கும்போது நான் அதைக் கொடுக்கமாட்டேன். போனின் சொந்த வரலாற்றுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: பூட்டுத் திறந்த போனைக் கையில் எடுப்பவர் ஒரு நாளின் அறிவிப்புகளை அங்கே படித்துவிடலாம். போனைப் பிறரிடம் கொடுக்க நேர்ந்தால் அதே சுவிட்சை அணைத்துவிடுங்கள். சேர்ந்திருந்த பதிவும் அத்தோடு அழிந்துவிடும்.