ஜிம்முக்குப் போவதை நிறுத்தியாச்சு, பணம் மட்டும் போகிறது

"சார், நான் போன மாசமே கேன்சல் பண்ணச் சொன்னேனே, இன்னும் காசு கட் ஆகுது, கொஞ்சம் பாருங்க ப்ளீஸ்." ஜிம்முக்குப் போகும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி இப்படித்தான் இருக்கும். நீல டிக் விழும், பதில் வராது. அந்த எண் பெரும்பாலும் முன்மேசையில் கிடக்கும் ஒரு போன். காலையில் ஒருவர் பார்ப்பார், மாலையில் வேறொருவர் பார்ப்பார். கணக்கை நிறுத்தும் அதிகாரம் இருவருக்குமே இருக்காது.

எனவே இரண்டாவது செய்தியை வேறு இடத்துக்கு, வேறு மாதிரி அனுப்ப வேண்டும். பணம் கட்டியபோது கொடுத்த ரசீதில் நிறுவனத்தின் பெயர், ஜிஎஸ்டி எண், பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். அங்கே அனுப்பிவிட்டு, அதன் நகலை வாட்ஸ்அப்பிலும் போடலாம். அனுப்பும் முன் சேர்க்கைப் படிவத்தை ஒருமுறை படியுங்கள். விலக 30 நாள் முன்னறிவிப்பு தேவை என்று அதில் இருந்தால், அந்த ஒரு மாதக் கட்டணத்தை அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. நம் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மாதம் 1,500 ரூபாய் கட்டும் ஒருவர் மார்ச் 3 அன்று விலகுவதாக எழுதினார், ஆனால் ஏப்ரலிலும் மே மாதத்திலும் பணம் போனது என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்:

"வணக்கம். என் உறுப்பினர் எண் 2147. மார்ச் 3 அன்று என் உறுப்பினர் சேர்க்கையை ரத்து செய்யக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், அதை இணைத்துள்ளேன். படிவத்தில் உள்ள 30 நாள் முன்னறிவிப்பு ஏப்ரல் 2 அன்று முடிந்தது. அதன் பிறகும் ஏப்ரல் 5, மே 5 தேதிகளில் தலா 1,500 ரூபாய் எடுத்திருக்கிறீர்கள். இனி பணம் எடுப்பதை நிறுத்தி, 3,000 ரூபாயை 7 நாளுக்குள் திருப்பி அனுப்பி, சேர்க்கை முடிந்த தேதியை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். தவறினால் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிப்பேன்."

ஏன் விலகுகிறோம் என்று இதில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். முழங்கால் வலி என்று எழுதினால் "மூணு மாசம் ஃப்ரீஸ் பண்ணிக்கலாமே மேடம்" என்று பதில் வரும். அதற்கு நாம் பதில் எழுத, பேச்சு நீளும். அதற்குள் அடுத்த 5-ம் தேதி வந்துவிடும்.

அவர்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் பணம் போகும் வழியையும் அடைத்துவிடலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி, யுபிஐ அல்லது கார்டில் மாதாமாதம் தானாகப் போகும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே நமக்குத் தகவல் வர வேண்டும். கொடுத்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் நாமே திரும்பப் பெறலாம். ஜிம்மின் சம்மதம் தேவையில்லை. யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போனால் நடப்பிலுள்ள அனுமதிகள் வரிசையாகத் தெரியும். அங்கே ஜிம்மின் பெயரைத் தேடி ஏமாறுபவர்கள் உண்டு. அதை நடத்தும் கம்பெனியின் பெயரிலோ, பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரிலோ அது இருக்கக்கூடும். தொகையையும் தேதியையும் வைத்துக் கண்டுபிடியுங்கள். கார்டு என்றால் வங்கியின் இணையதளத்திலோ செயலியிலோ ரத்து செய்யலாம். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போகும் நாச் முறை என்றால் நெட் பேங்கிங்கிலோ கிளையிலோ ரத்து செய்யக் கேட்க வேண்டும். ஆனால் ஒன்று: அனுமதியை ரத்து செய்தால் பணம் போவது நிற்குமே தவிர, ஒப்பந்தம் முடிந்துவிடாது. அதனால்தான் அந்தக் கடிதமும் வேண்டும்.

இதைச் செய்யவே கூடாத இடமும் ஒன்று உண்டு. "வருஷத்துக்கு 24,000, மாசம் 2,000 கட்டினா போதும், வட்டியே இல்லை" என்று சேர்த்திருந்தால், அது பெரும்பாலும் மாதச் சந்தா அல்ல, கடன். நிதி நிறுவனம் மொத்தத் தொகையை ஜிம்முக்கு அப்போதே கொடுத்திருக்கும். நாம் கட்டுவது அந்த நிறுவனத்துக்கு இஎம்ஐ. அதை நிறுத்தினால் அபராதம் விழும், சிபில் மதிப்பெண் இறங்கும். வங்கி அறிக்கையில் பணம் யார் பெயருக்குப் போகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். கடன் என்றால் கடிதத்தின் கோரிக்கையே மாறும்: மீதி மாதங்களுக்கான தொகையை நிதி நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுத்துக் கடனை முடிக்கும்படி ஜிம்மிடம் கேட்க வேண்டும், நகலை நிதி நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். கடன் முடிந்ததாகக் கடிதம் வரும்வரை தவணையை விடாமல் கட்டுவதே நல்லது.

ஏழு நாளில் பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விலகுவதைச் சிக்கலாக்கும் 'சந்தா பொறி'யை, இணையவழி விற்பனையில் செய்யக் கூடாத தந்திரங்களின் பட்டியலில் மத்திய அரசு 2023-ல் சேர்த்தது. செயலி வழியாகச் சேர்ந்தவர்கள் புகாரில் இதைக் குறிப்பிடலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். மார்ச் 3 தேதியிட்ட அந்த முதல் மின்னஞ்சலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.